துணி வந்தால்தான் ஆர்டர்

தையற்கடைக்கு வரும் ஒரு தொலைபேசி அழைப்பில் நான்கு வேலைகள் சேர்ந்தே நடக்கும். என்ன தைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்வார். எப்படித் தைக்க வேண்டும் என்று விவரிப்பார். என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்பார். சில நாள் கழித்து மறுபடி அழைத்து, "ரெடியா?" என்று விசாரிப்பார். இந்த அழைப்புகளுக்குப் பதிலாக இணையத்தில் ஓர் ஆர்டர் படிவத்தை வைக்கும் கடை, முதல் இரண்டு வேலைகளை மட்டுமே படிவத்திடம் கொடுக்க முடியும். தேதி சொல்வது தையல்காரரின் வேலையாகவே இருக்கும். எது படிவத்துக்குப் போகிறது, எது கடையிலேயே இருக்கிறது என்பதை வழக்கமான வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவே ஒரு செய்தி அனுப்பப்படுகிறது. அது தெளிவில்லாமல் போனால் படிவம் வந்த பிறகும் அழைப்புகள் குறையாது. படிவத்தையும் நிரப்பிவிட்டு, "ஃபார்ம் போட்டேன், கிடைச்சுதா?" என்று கேட்கவும் ஓர் அழைப்பு கூடுதலாக வரும்.

பெண்களுக்கான பிளவுஸ் தைக்கும் சிறு கடையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். இரண்டு தையல் இயந்திரம், கட்டிங் மேஜை ஒன்று, ஓரம் அடிக்கவும் கொக்கி வைக்கவும் ஓர் உதவியாளர், எம்மிங் வேலையை வீட்டுக்கு வாங்கிப் போகும் இரண்டு பெண்கள் என்ற அளவில் நடக்கும் கடை. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பத்துத் தெருவுக்குள் இப்படி ஒன்று இருக்கும். பகலில் முதலாளியம்மா நிற்கும் இடம் கட்டிங் மேஜை. சாக்பீஸால் கைக்குழியின் வளைவைப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கிறது. கத்தரியைக் கீழே வைத்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையில் கிடைத்த பழைய பில்லின் பின்புறத்தில் குறித்துக்கொள்கிறார். பேசி முடித்து மேஜைக்குத் திரும்பும்போது, போட்ட கோடு தையல் விட்டுப் போட்டதா, விடாமல் போட்டதா என்ற ஐயம் வந்துவிடுகிறது. திரும்ப அளக்காமல் வெட்டினால் அரை அங்குலம் போய்விடும்.

இன்னொரு இழப்பு காதில் நடக்கிறது. பிளவுஸ் கழுத்து வகைகளில் பாட் நெக் என்று ஒன்று உண்டு, போட் நெக் என்று ஒன்று உண்டு. முதலாவது பானை வடிவில் ஆழமாக இறங்குவது. இரண்டாவது படகு வடிவில், கழுத்தெலும்பை ஒட்டி மேலேயே அகலமாக ஓடுவது. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தத்தில் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே காதில் விழும். போட் நெக் கேட்டவருக்குப் பாட் நெக் வெட்டிவிட்டால் அதைத் திருத்த வழியில்லை, வெட்டிய துணி ஒட்டாது. பட்டுப் புடவையோடு சேர்ந்து வந்த பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதே நிறத்தில், அதே கரையோடு இன்னொரு துண்டு கடைத்தெருவில் கிடைக்காது. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே வரும் மனக்கசப்புகளில் பல இப்படிப்பட்ட ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன. படிவத்தால் உண்மையாகவே தீரும் சிக்கல் இது. கூகுள் படிவத்தில் விடைகளுக்குப் பக்கத்தில் படம் வைக்கலாம். கடையில் ஏற்கெனவே தைத்த ஆறு கழுத்துகளைப் படம் எடுத்து வைத்துவிட்டால், வாடிக்கையாளர் பெயரைச் சொல்லத் தேவையில்லை, படத்தைத் தொட்டால் போதும்.

இப்படிப்பட்ட கடை தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

> வணக்கம். நம்ம கடையில் தைக்கிற எல்லாருக்கும் ஒரு விவரம்.
>
> வரும் திங்கட்கிழமையிலிருந்து புது ஆர்டரை போனில் எழுதுவதை நிறுத்துகிறோம். கட்டிங் நேரத்தில் போன் பேசி எழுதுவதால் தப்பு நடக்கிறது. இனி கீழே உள்ள லிங்க்கைத் தொட்டால் ஒரு ஃபார்ம் திறக்கும். தமிழில் பத்துக் கேள்வி. ஆப் எதுவும் இறக்க வேண்டாம். பாஸ்வேர்டு, ஓடிபி, பணம் எதுவும் கேட்காது.
>
> உங்க பில்லில் மேலே இருக்கிற நம்பரை முதல் கேள்வியில் போடுங்க. உங்க அளவு எங்க நோட்டில் இருக்கு, அதை நீங்க எழுத வேண்டாம்.
>
> ஃபார்ம் அனுப்பினால் மட்டும் ஆர்டர் ஆகாது. துணியைக் கடையில் கொடுத்து, நாங்க தேதி சொன்ன பிறகுதான் ஆர்டர். ஃபார்ம் போட்ட மூணு நாளுக்குள் துணியைக் கொடுத்துடுங்க.
>
> தைத்தது சரியில்லை, அவசரமா ஆல்டர் பண்ணணும்னா எப்போதும் போல போன் பண்ணுங்க. ஃபார்ம் போட முடியாதவங்க சாயங்காலம் 7லிருந்து 8 வரைக்கும் கூப்பிடுங்க, நாங்களே போட்டுத் தர்றோம்.
>
> லிங்க்கைத் தொட யோசனையா இருந்தா, கடைக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டே தொடுங்க.

செய்தி சின்னதுதான். ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால்தான் படிவத்தையும் அதற்கேற்றபடி அமைக்க முடியும்.

மிக அவசியமான வரி, துணியைக் கொடுத்துத் தேதி வாங்கிய பிறகுதான் ஆர்டர் என்பது. கூகுள் படிவத்தை அனுப்பியதும் வழக்கமாகத் திரையில் வரும் வாசகம் Your response has been recorded என்பதுதான். பதில் பதிவாகிவிட்டது என்று படிக்கிறவர், ஆர்டர் பதிவாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். பத்து நாள் கழித்து வந்து பிளவுஸைக் கேட்பார், துணியோ அவர் வீட்டு பீரோவிலேயே இருக்கும். இந்த வாசகத்தை மாற்ற முடியும். படிவத்தின் Settings பகுதியில், Presentation என்ற தலைப்பின் கீழ் Confirmation message என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே, "உங்கள் விவரம் வந்து சேர்ந்தது. துணியை மூன்று நாளுக்குள் கடையில் கொடுக்கவும். தேதியைக் கடையில் சொல்வோம்" என்று தமிழில் எழுதிவிடலாம். இரண்டு நிமிட வேலைதான், செய்யாமல் விட்டால் அந்தக் குழப்பத்தைத் தீபாவளி வரைக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

துணி வந்தால்தான் ஆர்டர் என்று வைப்பதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. துணியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எதைத் தைக்கலாம் என்று சொல்ல முடியாது. 80 சென்டிமீட்டர் துணியில் முழங்கை வரை நீளும் கையும், பஃப் வைத்த கையும் எல்லா அளவுக்கும் வராது. கரையைக் கையில் வைப்பதா, முதுகில் வைப்பதா என்பதைத் துணியை விரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். லைனிங் துணி வாடிக்கையாளர் கொடுத்ததாக இருந்தால் அது நனைத்துக் காயவைத்ததா என்று கேட்க வேண்டும். நனைக்காத பருத்தி லைனிங்கை வைத்துத் தைத்தால், முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கும், மேல்துணி அப்படியே இருக்கும், பிளவுஸ் முழுக்கச் சுருக்கம் விழும். எனவே படிவத்தில் லைனிங் பற்றி ஒரு கேள்வி வேண்டும்: கடை போடுவதா, வாடிக்கையாளர் தருவதா, தேவையில்லையா. நனைத்தாயிற்றா என்பதைத் துணி வாங்கும்போது நேரில் கேட்டுக்கொள்வதே நல்லது. படிவத்தில் கேட்டால், கேள்வி புரியாமலேயே ஆமாம் என்று தொட்டுவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது, அளவை நீங்கள் எழுத வேண்டாம் என்ற வரி. இணையத்தில் கிடைக்கும் மாதிரித் தையற்படிவங்களைப் பார்த்தால் மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கை சுற்று என்று அளவுகளைக் கேட்கும் கட்டங்கள் வரிசையாக இருக்கும். முதல்முறை படிவம் செய்கிறவர்களுக்கு அதுதான் படிவத்தின் உயிர் என்றே தோன்றும். வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு அதைக் கேட்கவே கூடாது என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

கடை நோட்டில் 217ஆம் எண்ணுக்கு உரியவரின் மார்பு அளவு 34 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தோள் 14, கை நீளம் 10. படிவத்தில் மார்பு அளவு கேட்கிறது. அவர் தனக்குச் சரியாக இருக்கும் பழைய பிளவுஸை எடுத்துக் கொக்கியை மாட்டி, கட்டிலில் விரித்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை டேப்பை வைக்கிறார். 17 வருகிறது. அது சுற்றளவில் பாதிதான், தையல்காரர் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வார். வாடிக்கையாளருக்கு அது தெரியாது, 17 என்றே எழுதுவார். இன்னொருவர் டேப்பை உடம்பைச் சுற்றியே சரியாகப் பிடிக்கிறார். ஆனால் டேப்பின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். 34 அங்குலம் என்பது 86.4 சென்டிமீட்டர். அவர் 86 என்று எழுதுகிறார்.

இவ்விரண்டு பிழைகளையும் படிவமே தடுக்கும். எண் கேட்கும் கேள்விக்கு Response validation என்ற வசதி உண்டு. 26க்கும் 56க்கும் இடையில் இருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும் என்று அதில் குறித்துவிட்டால், 17ஐயும் ஏற்காது, 86ஐயும் ஏற்காது. இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். மூன்றாவதாக ஒருவர் வருகிறார். பிளவுஸைக் கட்டிலில் விரித்துப் பாதியளவு எடுக்கிறார், அதையும் சென்டிமீட்டர் பக்கத்தில் பார்க்கிறார். 17 அங்குலம் 43.2 சென்டிமீட்டர். அவர் 43 என்று எழுதுகிறார். 43 என்பது 26க்கும் 56க்கும் நடுவில் இருக்கிறது, 43 அங்குல மார்பு உள்ள பெண்களும் கடைக்கு வருகிறார்கள். இரண்டு தவறும் சேர்ந்து ஒரு நம்பத்தகுந்த எண்ணைக் கொடுத்துவிட்டன. படிவம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

அனுபவமுள்ள கை இதை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒன்று, நோட்டில் உள்ள பழைய அளவு. போன ஆண்டு 34ஆக இருந்தது இப்போது 43 ஆக வேண்டுமானால் ஒன்பது அங்குலம் கூடியிருக்க வேண்டும், அது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். இன்னொன்று, அளவுகளுக்குள் இருக்கும் உறவு. அதே ஆள் கை நீளத்தை 25 என்று எழுதியிருப்பார், அதாவது 10 அங்குலத்துக்கு உரிய சென்டிமீட்டர். பிளவுஸ் கை 25 அங்குலம் என்றால் மணிக்கட்டைத் தாண்டிவிடும். ஒரு எண் தனியாக நின்றால் ஏமாற்றும், நான்கு எண் சேர்ந்து நின்றால் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இப்படி ஒவ்வொரு படிவத்தையும் துருவிப் பார்க்க வேண்டியிருந்தால் படிவம் எதற்கு? அதையும் தாண்டி 43க்கே வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். பக்கத் தையலைப் பிடித்து மார்பைக் குறைத்துவிடலாம். ஆனால் பெரிதாக வெட்டிய கழுத்தும் கைக்குழியும் திரும்பச் சின்னதாகாது. தோள் வழிந்து விழும்.

பெரிய பிழைகளைத் தடுத்துவிட்டாலும், 34க்குப் பதில் 35 என்று எழுதும் சின்னப் பிழை மிஞ்சும். தன் உடம்பைத் தானே அளக்கும்போது டேப் முதுகில் இறங்குவதும், மூச்சை இழுத்துப் பிடிப்பதும் இயல்பு. உடம்பின் அளவா, தைத்த பிளவுஸின் அளவா என்ற குழப்பமும் உண்டு. தைத்த பிளவுஸில் அசைவுக்கென்று கொஞ்சம் தளர்வு ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதன்மேல் தையல்காரரும் தளர்வு விட்டால் பிளவுஸ் தொளதொளவென்று வரும்.

அதனால் வழக்கமான வாடிக்கையாளருக்கான படிவத்தில் அளவு பற்றி இரண்டே கேள்விதான் வேண்டும். பில் எண் என்ன என்பது முதல் கேள்வி. அந்த எண்ணைக் கொண்டு நோட்டில் அவர் பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஒரே பெயரில் எட்டு லட்சுமி இருக்கும் கடையில் பெயரை நம்ப முடியாது, எண்ணை நம்பலாம். கடைசியாகத் தைத்தது இப்போதும் சரியாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. சரியாக இருக்கிறது என்று தொட்டால் நோட்டு அளவிலேயே வெட்டலாம். இறுக்கம் என்றோ தளர்வு என்றோ தொட்டால், துணி கொடுக்க வரும்போது நேரில் அளவு எடுக்க வேண்டும், அல்லது இப்போது போடும் பிளவுஸ் ஒன்றை அளவு பிளவுஸாகக் கொண்டுவர வேண்டும் என்று படிவமே அடுத்த திரையில் சொல்லும்படி வைக்கலாம். விடையைப் பொறுத்து வேறு பகுதிக்குப் போகச் செய்யும் வசதி கூகுள் படிவத்தில் இருக்கிறது.

அளவைக் கேட்காமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைக்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெண்ணின் பெயர், கைபேசி எண், உடம்பின் அளவு மூன்றும் ஒரே வரியில் நிற்கும் ஒரு பட்டியல் இணையத்தில் உருவாகிறது. கூகுள் படிவத்தில் View results summary என்று ஓர் அமைப்பு உண்டு. அது தெரியாமல் இயக்கப்பட்டிருந்தால், படிவம் நிரப்பிய யாரும் மற்றவர்கள் நிரப்பியதைப் பார்க்க முடியும். பதில்கள் சேரும் அட்டவணையை, இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று பகிர்ந்துவிட்டாலும் அதே கதிதான். முதல் செய்தியை அனுப்புவதற்கு முன் இவ்விரண்டும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்தே தீர வேண்டும். அளவு நோட்டு கடையின் மேஜை இழுப்பறையிலேயே இருக்கட்டும். இணையத்துக்குப் போவது பக்க எண் மட்டும் போதும்.

பில் எண்ணை வாடிக்கையாளர் தேட வேண்டியிராமல் ஒரு வழி செய்யலாம். படிவத்தை முன்கூட்டியே நிரப்பிய இணைப்பாக எடுக்கும் வசதி கூகுளில் உண்டு. அந்த இணைப்பின் கடைசியில் கேள்வியின் அடையாள எண்ணும் விடையும் இப்படி ஒட்டியிருக்கும்:

```
viewform?usp=pp_url&entry.1234567890=217
```

கடைசியில் உள்ள 217ஐ மாற்றினால் வேறொருவருக்கான இணைப்பு கிடைத்துவிடும். நடுவில் உள்ள நீண்ட எண் படிவத்துக்குப் படிவம் மாறும். வயதான வாடிக்கையாளர்களுக்கு இப்படித் தனி இணைப்பு அனுப்புவது உதவி. ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: இந்த இணைப்பை நாத்தனாருக்கோ பக்கத்து வீட்டாருக்கோ அனுப்பினால், அவர் ஆர்டரும் 217 என்ற எண்ணிலேயே வந்து நிற்கும். எண்ணும் கைபேசி எண்ணும் பொருந்துகின்றனவா என்று ஒரு பார்வை பார்த்தால் இது தெரிந்துவிடும். ஆகவே படிவத்தில் கைபேசி எண்ணைக் கேட்பது பேசுவதற்கு மட்டுமல்ல, சரிபார்ப்பதற்கும்தான்.

வடிவமைப்பைக் காட்ட வாடிக்கையாளர்கள் படம் அனுப்ப விரும்புவார்கள். படிவத்திலேயே படம் ஏற்றும் கேள்வி வைக்க முடியும். ஆனால் அப்படி ஒரு கேள்வி இருந்தால், நிரப்புகிறவர் தன் கூகுள் கணக்கில் நுழைந்த பிறகுதான் படிவத்தை அனுப்ப முடியும். கடவுச்சொல் மகனுக்குத்தான் தெரியும் என்ற நிலையில் உள்ளவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். கடவுச்சொல் கேட்காது என்று செய்தியில் கொடுத்த வாக்கும் பொய்யாகிவிடும். படத்தைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, பில் எண்ணைச் சேர்த்து அனுப்பச் சொல்வதே எளிது. படிவத்தில், "படம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்" என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தால் போதும். அந்தக் கட்டம் குறிக்கப்பட்டிருந்தால், படத்தைப் பார்க்காமல் கத்தரியை எடுக்கக் கூடாது என்பது கடைக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய விதி.

தேதி விஷயத்தில் படிவத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. கூகுள் படிவத்தின் தேதிக் கேள்வியில் குறைந்தது எத்தனை நாள் தள்ளிக் கேட்கலாம் என்று கட்டுப்படுத்த முடியாது. நாளைக்கே வேண்டும் என்றும் தொடலாம், போன மாதத் தேதியைக்கூடத் தொடலாம். ஆகவே கேள்வியை, "என்றைக்கு வேண்டும்?" என்று வைக்காமல், "எந்த விசேஷத்துக்கு, விசேஷம் என்றைக்கு?" என்று வைப்பது நல்லது. வேண்டும் தேதி என்று கேட்டால் எல்லாரும் ஒரு வாரம் முன்னதாகத் தள்ளிச் சொல்வார்கள், முகூர்த்தத் தேதியை யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். முகூர்த்தம் தெரிந்தால், இரண்டு நாள் முன்னால் போட்டுப் பார்த்து ஆல்டர் செய்ய இடம் விட்டு, தையல்காரரே தேதியைக் கணக்கிட்டுச் சொல்லலாம்.

தேதியில் ஒளிந்திருக்கும் இன்னொரு பிழை அட்டவணையில் இருக்கிறது. அமெரிக்க முறையில் அமைந்த அட்டவணை மாதத்தை முன்னால் எழுதும். செப்டம்பர் 5 அங்கே 9/5 என்று தெரியும், நம் கண்ணுக்கு அது மே 9. அட்டவணையின் File பட்டியில் Settings என்பதைத் திறந்து, Locale என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் நாள் முன்னால் வந்துவிடும். தேதி 12க்கு மேல் போகும் வரை இந்தப் பிழை கண்ணில் படாது. எனவே தொடக்கத்திலேயே 25ஆம் தேதியைப் போட்டு ஒரு சோதனைப் படிவம் அனுப்பி, அட்டவணையில் எப்படி விழுகிறது என்று பார்த்துவிடுவது உத்தமம்.

அட்டவணையின் முதல் பத்தியில் படிவம் வந்த நாளும் நேரமும் தானாகவே விழும். யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசைக்கு அது போதும் என்று நினைப்பது தவறு. படிவத்தை முதலில் அனுப்பியவர் துணியைக் கடைசியாகக் கொடுக்கலாம். ஆகவே வலது ஓரத்தில் கடை தன் கையால் நிரப்பும் மூன்று பத்திகளைச் சேர்க்க வேண்டும்: துணி வந்த நாள், சொன்ன தேதி, இப்போது எந்த நிலை. வேலை வரிசை துணி வந்த நாளின்படியே நடக்கும். மூன்று நாள் ஆகியும் துணி வந்த நாள் காலியாக இருக்கும் வரிகளுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதற்கும் வராவிட்டால் அந்த வரியை ஒதுக்கிவிடலாம். தீபாவளிக்கு முன் ஆர்டர் குளோஸ் என்று கடை வாசலில் பலகை தொங்கவிடும் வழக்கம் உண்டு. அதே நாளில் படிவத்தையும் மூட வேண்டும். பதில்களை ஏற்பதை நிறுத்தும் பொத்தான் படிவத்திலேயே இருக்கிறது, மூடியிருக்கும்போது தெரிய வேண்டிய வாசகத்தையும் தமிழில் எழுதிவைக்கலாம். பலகையைத் தொங்கவிட்டு, படிவத்தை மூட மறந்தால் வரும் ஆர்டர்களுக்குக் கடைதான் பதில் சொல்ல வேண்டும்.

இனி ஓர் ஆர்டர் முழுதும் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். 217ஆம் எண்ணுக்கு உரியவர் தங்கை கல்யாணத்துக்கு மூன்று பிளவுஸ் தைக்க வேண்டும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு, வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு, படிவத்தைத் திறக்கிறார். கடை மூடியிருக்கும் நேரத்தில் ஆர்டர் விவரம் எழுத முடிவது போனில் இல்லாத வசதி. பட்டுக்கு ஒரு படிவம், மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொன்று என்று மூன்று முறை நிரப்புகிறார். ஒரு பிளவுஸுக்கு ஒரு படிவம் என்று வைப்பதே சரி. மூன்றையும் ஒரே படிவத்தில் எழுதச் சொன்னால், எந்தத் துணிக்கு எந்தக் கழுத்து என்பது கலந்துவிடும். துணியின் நிறத்தைக் கேட்கும் கேள்வி அதற்காகத்தான்: பச்சைப் பட்டு, கரும்பச்சைக் கரை.

திங்கள் காலை கடை திறந்ததும் உதவியாளர் அட்டவணையைப் பார்க்கிறார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்ப்பது அவர் வேலை என்று தீர்மானித்திருக்க வேண்டும். புதுப் பதில் வந்ததும் மின்னஞ்சல் வரும்படி வைக்கலாம்தான், தையற்கடையில் மின்னஞ்சலை யார் திறக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை அவர் துணிகளைக் கொண்டுவருகிறார். பில் புத்தகத்தில் கார்பன் வைத்துப் பில் போடுகிறார்கள். மூன்று பில்லிலும் அந்தந்தத் துணியின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை நறுக்கி ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள். எந்தக் கணினியும் செய்யாத காரியம் அது. நிறத்தின் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்லலாம், துண்டை வைத்துப் பார்த்தால் தகராறு இல்லை. பட்டை விரித்துப் பார்த்து, அவர் படிவத்தில் தொட்டிருந்த போட் நெக்குக்கு முன்பக்கம் கொக்கி வராது, பின்பக்கம்தான் வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அவர் ஒப்புக்கொள்கிறார். பில்லில் தேதி எழுதுகிறார்கள், அட்டவணையிலும் அதே தேதி. இப்போதுதான் ஆர்டர் பிறக்கிறது.

செய்தியை அனுப்பும் முறைக்கும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி அதில் போட்டால், வாடிக்கையாளர்கள் எண் ஒருவருக்கொருவர் தெரிந்துபோகும். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். கடையின் எண்ணைத் தங்கள் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதை மறக்கக் கூடாது. பதியாதவருக்குச் செய்தி போகவில்லை என்று கடைக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர்கள் திங்கட்கிழமைக்குப் பிறகும் போன் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. இதே செய்தியைத் தாளில் அச்சிட்டு, கியூஆர் கட்டத்தோடு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பதும், தைத்த துணி கொடுக்கும் பையில் ஒரு சீட்டாகப் போடுவதும் அதற்கான ஏற்பாடு.

கடையின் பழைய எண்ணிலிருந்தே செய்தி போக வேண்டும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பை அனுப்பி, தொட்டதும் கைபேசியில் புகுந்துகொள்ளும் மோசடி பரவியிருக்கிறது. தெரியாத இணைப்பைத் தொடாதே என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது சரியான பாடமும்கூட. ஆப் இறக்க வேண்டாம், ஓடிபி கேட்காது, சந்தேகம் இருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள் என்ற வரிகள் அந்தப் பாடத்தை மதித்து எழுதப்பட்டவை. அட்வான்ஸ் தொகையைப் படிவத்தின் வழியாக வாங்காமல், துணி கொடுக்கும்போது கடையிலேயே வாங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சாயங்காலம் 7லிருந்து 8 வரை என்ற ஒரு மணி நேரத்தைக் கடை மனதாரக் கொடுக்க வேண்டும். கண் மங்கியவர், தமிழ் படிக்கத் தெரியாதவர், பட்டன் போன் வைத்திருப்பவர் எல்லாரும் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர்கள்தான். அவர்கள் அழைக்கும்போது உதவியாளர் அதே படிவத்தைத் திறந்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, தானே நிரப்ப வேண்டும். போனில் சொன்னதைப் பழைய பில்லின் பின்புறத்தில் குறித்துவைத்தால் கடைக்குள் இரண்டு வரிசை உருவாகிவிடும், அதில் தாளில் இருக்கும் வரிசைதான் காணாமல் போகும்.

பிளவுஸ் தைத்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு மடித்தபின் அட்டவணையின் நிலைப் பத்தியில் ரெடி என்று எழுதி, அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டால், "ரெடியா?" என்ற அழைப்பு வர இடமிருக்காது. வாடிக்கையாளர் வந்து போட்டுப் பார்த்து, கை சுற்று கால் அங்குலம் இறுக்கமாக இருக்கிறது என்றால், உள்ளே விட்டிருக்கும் தையலைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பிரித்த கால் அங்குலத்தை நோட்டில் 217ஆம் பக்கத்தில், அன்றைய தேதியோடு எழுத வேண்டும். அடுத்த முறை அவர் படிவத்தில் "சரியாக இருக்கிறது" என்று தொடும்போது வெட்டப்போவது அந்தப் பக்கத்தில் உள்ள எண்ணை வைத்துத்தான்.